இடம் விட்டு விழும் அம்புகள்

ஒரு ஹெக்டேர் நிலம், 100 மீட்டருக்கு 100 மீட்டர். அனிமேஷன் படத்துக்காக அதில் ஒரு காட்டைக் கணினியில் வளர்க்க வேண்டும். மரங்களைக் கோலப் புள்ளி போல வரிசையாக வைத்தால் பார்ப்பவர்கள் அதைத் தென்னந்தோப்பு என்பார்கள், காடு என்று சொல்ல மாட்டார்கள். சரி, வரிசையே வேண்டாம், கணினி தன் போக்கில் உருட்டிப் போடும் எண்களைக் கொண்டு மரங்களை இறைத்துவிடலாம் என்று தோன்றும். 100 மரங்களை இறைத்துப் பாருங்கள். இரண்டு மரங்கள் ஒரே குழியிலிருந்து முளைத்ததுபோல் ஒட்டி நிற்கும். இன்னொரு மூலையில் கிரிக்கெட் ஆடுகிற அளவுக்கு இடம் காலியாகக் கிடக்கும்.

இதில் கணினியின் தவறு ஏதுமில்லை. 100 மரங்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 4,950 ஜோடிகள் வருகின்றன. ஏதாவது ஒரு ஜோடி 5 மீட்டருக்குள் விழும் வாய்ப்பு முக்கால் சதவீதம்தான். ஆனால் 4,950-இல் முக்கால் சதவீதம் என்றால் 37 ஜோடிகள். தற்செயல் என்பதன் இயல்பே இப்படிக் கொத்துக் கொத்தாக விழுவதுதான். பரவி நிற்க வேண்டும் என்ற எண்ணம் அதற்குக் கிடையாது. உண்மையான மரங்களுக்கு அந்த எண்ணத்தை நிழலும் வேரும் கொடுக்கின்றன. பெரிய மரத்தின் காலடியில் கன்று தழைப்பதில்லை.

ஆக நமக்கு வேண்டியது இரண்டும் சேர்ந்தது. இடங்கள் தற்செயலாக அமைய வேண்டும், ஆனால் எந்த இரண்டு மரமும் 5 மீட்டருக்குள் வரக் கூடாது.

இந்தத் தேவை காட்டை வரைபவர்களிடமிருந்து பிறக்கவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1983-இல் ஜான் யெலட் என்ற ஆய்வாளர் ரீசஸ் குரங்கின் விழித்திரையைப் பற்றி 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பார்வையின் நடுப்புள்ளியை விட்டு வெளியே போனால் அங்குள்ள கூம்பு செல்கள் வரிசையாகவும் இல்லை, கண்டபடியும் இல்லை. ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டு, அதற்கு மேல் எந்த ஒழுங்கும் இல்லாமல் அமைந்திருக்கிறது. இதனால் கண்ணுக்கு ஒரு நன்மை உண்டு. டிவியில் நெருக்கமாகக் கோடு போட்ட சட்டையுடன் ஒருவர் வந்தால், சட்டையில் இல்லாத அலைகள் நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். கேமராவின் பிக்ஸல்கள் வரிசையாக இருப்பதால், சட்டையின் வரிசையும் அவற்றின் வரிசையும் மோதி மூன்றாவதாக ஒரு பொய்க்கோலம் பிறக்கிறது. இடம் விட்டுச் சிதறிய புள்ளிகளால் பார்க்கும்போது அந்தப் பொய்க்கோலம் உருவாக வழியில்லை; மிஞ்சுவது மெல்லிய பொரிப்பொரியான இரைச்சல், அதைக் கண் பொறுத்துக்கொள்கிறது.

கம்ப்யூட்டர் கிராபிக்ஸ்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். பிக்ஸாரில் இருந்த ராபர்ட் குக் 1986-இல் எழுதிய கட்டுரை, பிக்ஸலுக்குள் எங்கெங்கே ஒளியை அளப்பது என்பதற்கு இந்தச் சிதறலையே சிறந்ததாகக் காட்டியது. செய்முறையும் எளிது. தற்செயலாக ஓர் இடம் எடு. ஏற்கெனவே வைத்த புள்ளிகளில் ஏதாவது ஒன்று மிக அருகில் இருந்தால் எடுத்த இடத்தைத் தூக்கிப் போடு. இல்லையென்றால் வைத்துக்கொள். திரும்பவும் செய். பலகையில் அம்பு எறிவது போன்ற இந்த முறைக்கு அம்பெறிதல் என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் படம் வரையும்போது ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய நேரம் போதாது. முன்கூட்டியே ஒரு முறை எறிந்து அட்டவணையாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே குக் சொன்ன வழி. இல்லையென்றால், வரிசையான புள்ளிகளைச் சற்று உலுக்கிவிடும் மலிவான மாற்றோடு திருப்தி அடைய வேண்டியதுதான்.

நேரம் எங்கே போகிறது? கேள்வி கேட்பதில் போகிறது. ஒவ்வொரு அம்பும் விழுந்தவுடன், இதுவரை நட்ட எல்லா மரங்களிடமும் "நான் உன்னிடமிருந்து 5 மீட்டர் தள்ளி இருக்கிறேனா?" என்று கேட்க வேண்டும். ஒரு ஹெக்டேருக்கு இது பெரிய வேலை இல்லை. நிலத்தை ஒரு சதுரக் கிலோமீட்டர் ஆக்குங்கள். மரங்கள் ஏறக்குறைய 28,000 ஆகிவிடும். ஒரு கோடி அம்புகள் எறிகிறோம் என்று கொண்டால், ஓர் அம்புக்குச் சராசரியாகப் பாதி மரங்களையாவது விசாரிக்க நேரும். மொத்தம் 14,000 கோடிக் கேள்விகள். இத்தனைக்கும் கிழக்கு மூலையில் விழுந்த அம்பு மேற்கு மூலை மரத்தை விசாரிப்பதில் எந்தப் பொருளும் இல்லை.

ஊரில் புதிதாக வீடு கட்டுபவர் எல்லைக்கல் போட, பக்கத்து மனைக்காரர்களைக் கூப்பிட்டால் போதும், ஊர்முழுக்கத் தண்டோரா போட வேண்டியதில்லை. பக்கத்து மனைக்காரர் யார் என்று சட்டென்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதற்காகத்தான் நிலத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டவலையை விரிக்கிறார்கள். இந்த வலையின் அழகு முழுவதும் கட்டத்தின் அளவில் இருக்கிறது.

ஒரு கட்டத்தின் பக்கம் இவ்வளவு இருக்க வேண்டும்:

`r / √2`

இதில் r என்பது குறைந்தபட்ச இடைவெளி. நம் காட்டில் 5 மீட்டர். ஆகவே பக்கம் 3.54 மீட்டர். ஏன் இந்த விசித்திரமான எண்? இந்தப் பக்கமுள்ள சதுரத்தில் மூலைக்கு மூலை உள்ள தூரம் மிகச் சரியாக 5 மீட்டர். ஒரே கட்டத்துக்குள் 5 மீட்டர் இடைவெளி விட்டு இரண்டு மரங்கள் நிற்கவே முடியாது. ஒரு கட்டத்தில் ஒன்று அல்லது பூஜ்யம். இதனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் பட்டியல், வரிசை எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம். மர எண் எழுத ஒரே ஓர் இடம் போதும். நம் ஹெக்டேருக்குப் பக்கத்துக்கு 29 கட்டம், மொத்தம் 841. வலதிலும் மேலேயும் உள்ள கடைசிக் கட்டங்கள் நிலத்துக்கு வெளியே கொஞ்சம் நீண்டிருக்கும். அதனால் கெடுதல் இல்லை.

ஓர் அம்பை எறிந்து பார்ப்போம். அது மேற்கு எல்லையிலிருந்து 41.2 மீட்டர், தெற்கு எல்லையிலிருந்து 17.8 மீட்டர் தள்ளி விழுகிறது. இரண்டையும் 3.5355-ஆல் வகுத்துப் பின்னத்தை விட்டுவிட்டால் 11, 5 என்று வரும். அதுதான் கட்டத்தின் முகவரி; தேடல் எதுவும் இல்லை, இரண்டே வகுத்தல். இனி அந்தக் கட்டத்திலிருந்து நாலா பக்கமும் இரண்டு கட்டம் வரை பார்க்கிறோம்: 9 முதல் 13 வரையிலான நிரல்கள், 3 முதல் 7 வரையிலான வரிசைகள். மூன்றாவது கட்டத்துக்குப் போகத் தேவையில்லை. நடுவில் இரண்டு முழுக் கட்டங்கள் இருப்பதால் அங்குள்ள எந்த மரமும் குறைந்தது 7 மீட்டர் தள்ளியே இருக்கும். ஐந்துக்கு ஐந்து என்று 25 கட்டங்கள் வருகின்றன. அவற்றிலும் நான்கு மூலைக் கட்டங்களை விட்டுவிடலாம். அவற்றின் மிகக் கிட்டிய முனைகூட ஒரு முழு மூலைவிட்டம், அதாவது 5 மீட்டர், தள்ளியே இருக்கிறது. மிச்சம் 21.

பத்தாம் நிரல், நான்காம் வரிசைக் கட்டத்தில் ஒரு மரம் இருக்கிறது: 37.9, 14.6. கிழமேற்கில் 3.3 மீட்டர் வித்தியாசம், தென்வடலில் 3.2. வர்க்கங்களைக் கூட்டினால் 21.13. வர்க்கமூலம்கூட எடுக்க வேண்டாம், 25-உடன் ஒப்பிட்டால் போதும். குறைவாக இருக்கிறது, அம்பு தள்ளுபடி.

அடுத்த அம்பு 44.0, 17.0. அதே மரத்திலிருந்து கூட்டுத்தொகை 42.97, தப்பித்தது. பதின்மூன்றாம் நிரலில் 48.7, 19.1-இல் இன்னொரு மரம்: 26.50. நூலிழையில் தப்பித்தது. மற்ற கட்டங்கள் காலி. அம்பு வேர் பிடிக்கிறது. 12, 4 என்ற கட்டத்தில் அதன் எண் எழுதப்படுகிறது. காடு ஒரு ஹெக்டேரோ ஓராயிரம் ஹெக்டேரோ, ஓர் அம்புக்கு விசாரணை 21 கட்டத்தோடு முடிந்துவிடும். அவற்றிலும் மூன்றில் இரண்டு பங்கு எப்போதும் காலியாகவே இருக்கும். அந்த 14,000 கோடி, அதிகபட்சம் 21 கோடியாகச் சுருங்கிவிடுகிறது.

இவ்வளவு எளிய முறையிலும் தவறு நுழைகிறது. அதுவும் கண்ணுக்குத் தெரியாமல் நுழைகிறது. நானே முதன்முதலில் எழுதிய நிரலில் "பக்கத்துக் கட்டம்" என்றால் சுற்றியுள்ள எட்டு என்று எடுத்துக்கொண்டேன். படம் அழகாகவே வந்தது. ஆயிரம் மரங்களில் அங்கொன்றும் இங்கொன்றும் நெருங்கி நின்றதைப் பார்வை கண்டுபிடிக்கவில்லை. பிறகு ஒவ்வொரு மரத்துக்கும் மிக நெருங்கிய அண்டை மரம் எவ்வளவு தூரத்தில் என்று கணக்கெடுத்து, மிகச் சிறிய தூரத்தைப் பார்த்தேன். 5-க்குக் கீழே போயிருந்தது, ஆனால் 3.54-க்குக் கீழே ஒரு ஜோடிகூட இல்லை. அந்த எண்ணே குற்றவாளியைக் காட்டிக் கொடுத்தது. 3.54 என்பது ஒரு கட்டத்தின் அகலம். ஒரு கட்டம் விட்டு அடுத்த கட்டத்தில் இருக்கும் மரத்தை நான் விசாரிக்கவே இல்லை. இந்தச் சோதனையைக் கட்டவலையை நம்பாமல், எல்லா ஜோடிகளையும் அளக்கும் பழைய மெதுவான வழியிலேயே, சிறிய நிலத்தில் செய்ய வேண்டும். கட்டவலையைக் கொண்டே கட்டவலையைச் சோதித்தால், அதே குருட்டுப்புள்ளி சோதனையிலும் இருக்கும்.

இன்னொரு தவறு முழு எண் ஆசையிலிருந்து வருகிறது. 100-ஐ 3.5355-ஆல் வகுத்தால் 28.28. கட்டங்கள் நிலத்தில் அச்சாகப் பொருந்தட்டும் என்று 28 ஆக்கினால் பக்கம் 3.571 ஆகிறது, மூலைவிட்டம் 5.05. இப்போது ஒரே கட்டத்தின் எதிரெதிர் மூலைகளில் இரண்டு மரங்கள் சட்டப்படியே நிற்கலாம். ஆனால் எழுத ஒரே இடம்தான். இரண்டாவது மரத்தின் எண் முதலாவதன் மேல் எழுதப்படும். முதல் மரம் நிலத்தில் நிற்கும், கணக்கில் இருக்காது. அதன் மடியிலேயே மூன்றாவது மரம் வந்து விழலாம். ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் தலைகாட்டும் வகைப் பிழை இது. சரி, 29 ஆக்கினால்? பக்கம் 3.448. ஒரு கட்டத்துக்கு ஒரு மரம் என்ற விதி காக்கப்படுகிறது. ஆனால் மூலைவிட்டம் 4.88-ஆகக் குறைந்துவிட்டதால், விட்டுவிடலாம் என்ற அந்த நான்கு மூலைக் கட்டங்களை இப்போது விட முடியாது. 25-ஐயும் பார்க்க வேண்டும். படத்தை ஓடுபோல் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுபவர்கள், கிழக்கு ஓரத்தை மேற்கு ஓரத்தோடு இணைத்துச் சுற்றுவதற்காக, இப்படி முழு எண்ணுக்குப் போகவே நேரும். அவர்கள்தான் இந்த வலையில் சிக்குகிறார்கள்.

இனி எல்லாரையும் ஏமாற்றும் இடத்துக்கு வருவோம். கட்டவலை போட்டாகிவிட்டது, ஓர் அம்புக்கான செலவு துளி, ஆகவே 400 மரம் நடும் வரை எறிந்துகொண்டே இரு என்று நிரலுக்குச் சொல்கிறோம். நிரல் ஓடுகிறது. முதல் 200 கண் இமைப்பதற்குள் வந்துவிடுகிறது. பிறகு தயங்குகிறது. அப்புறம் நின்றே போகிறது. நின்றது என்பதுகூடச் சரியில்லை, ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, எந்த அம்பும் தைக்கவில்லை.

400 என்பது அதிக ஆசை போலத் தெரியாது. தேன்கூடு போல அடுக்கினால் 5 மீட்டர் இடைவெளியில் ஒரு ஹெக்டேரில் 460 மரம் வரை வைக்கலாம். ஆனால் தற்செயல் அடுக்கத் தெரியாதது. ஹங்கேரியக் கணித மேதை ஆல்ஃபிரெட் ரேனி 1958-இல் இதன் எளிய வடிவத்தை ஆராய்ந்தார். ஒரு நீண்ட தெருவில் ஒரே அளவுள்ள கார்கள் தோன்றிய இடத்தில் வந்து நிற்கின்றன, நின்றது நகராது. இனி ஒரு காருக்கும் இடமில்லை என்ற நிலை வரும்போது தெருவில் 74.8 சதவீதம்தான் நிறைந்திருக்கும். மிச்சம் எல்லாம் கார் நுழைய முடியாத சந்துகள். நிலப்பரப்பில் வட்டங்களைப் போட்டால் நிலைமை இன்னும் மோசம்: 54.7 சதவீதத்தில் இடம் தீர்ந்துவிடும். தேன்கூட்டு அடுக்கில் அது 90.7. கணக்குப் போட்டால் நம் ஹெக்டேரில் 279 மரங்களோடு காடு நிறைந்துவிடுகிறது. வேலி ஓர மரங்களுக்கு ஒரு பக்கம் போட்டியே இல்லாததால் அங்கே நெருக்கம் கூடும், எண்ணிக்கையும் சற்று ஏறும். ஓரத்தின் இந்த நெருக்கம் பிடிக்காதவர்கள் பெரிய நிலத்தில் எறிந்து நடுப்பகுதியை வெட்டி எடுப்பார்கள். எப்படியும் 400 என்பது நடக்காத காரியம்.

279-ஐத் தொடுவதாவது எளிதா என்றால் அதுவும் இல்லை. நார்வே இயற்பியலாளர் யென்ஸ் ஃபெடர் 1980-இல் கண்ட விதி ஒன்று இருக்கிறது. பரப்பில் வட்டங்களை இப்படிப் போடும்போது, கடைசிக் கட்டத்தில், இன்னும் வர வேண்டிய வட்டங்களின் எண்ணிக்கையைப் பாதியாக்க, மொத்த எறிதல்கள் நான்கு மடங்காக வேண்டும். இன்னும் 8 மரம் பாக்கி என்ற நிலையில் இருந்தால், 4 ஆக நான்கு மடங்கு, 2 ஆகப் பதினாறு மடங்கு, ஒன்றாக அறுபத்து நான்கு மடங்கு. காரணம் எளிது: மிஞ்சிய இடங்கள் சுருங்கிக்கொண்டே போகின்றன. 10 சென்டிமீட்டர் சதுரம் மட்டும் திறந்திருக்கும் ஓர் இடுக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஹெக்டேரில் எறியும் அம்பு அதற்குள் விழும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று.

இங்கேதான் கட்டவலையின் எல்லை தெரிகிறது. "இந்த இடம் சரியா?" என்ற கேள்விக்கு அது உடனே பதில் சொல்லும். "சரியான இடம் எங்கே?" என்று நாம் அதை இன்னும் கேட்கவே இல்லை. பலர் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்து, விசாரணையை இன்னும் வேகப்படுத்தப் பாடுபடுகிறார்கள். பத்து லட்சம் வீண் அம்புகளை இரண்டு மடங்கு வேகத்தில் எறிந்து என்ன பயன்?

ராபர்ட் பிரிட்சன் 2007-இல் ஒரே பக்கத்தில் எழுதிய குறிப்பு இன்று மிகப் பரவலாகப் பயன்படும் வழி. அவர் நிலம் முழுவதும் எறிவதை விட்டுவிட்டார். ஏற்கெனவே நட்ட மரம் ஒன்றைச் சுற்றி, 5 மீட்டருக்கும் 10 மீட்டருக்கும் இடைப்பட்ட வளையத்துக்குள் மட்டும் 30 முறை எறிவார். ஒன்றும் தைக்கவில்லையென்றால் அந்த மரத்தின் பக்கம் இனித் திரும்ப மாட்டார். விசாரணைக்கு அதே கட்டவலை. வேலை வெகு சீக்கிரம் முடியும். காடு ஒரு விதையிலிருந்து வெளியே பரவுவதால், இதன் முடிவு நேர்மையான அம்பெறிதலின் முடிவே என்று சொல்ல முடியாது. 30 முறையில் தவறிய இடுக்குகளும் அங்கங்கே மிஞ்சும். கண்ணுக்கு விருந்தாகும் காட்டுக்கு இது தாராளம்.

நேர்மை வேண்டுமென்றால் கட்டவலையிடமே இரண்டாவது கேள்வியைக் கேட்கலாம். மரம் உள்ள கட்டத்தில் விழும் எந்த அம்பும் எப்படியும் தள்ளுபடிதான். அப்படியானால் அங்கே எறிவானேன்? மரமில்லாத கட்டங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஒன்றைக் குலுக்கி எடுத்து, அதற்குள் எறிந்தால் போதும். வீணாகப் போகவிருந்த எறிதலைத் தவிர்த்தோமே தவிர, எந்த இடத்துக்கும் சலுகை காட்டவில்லை. எல்லாக் கட்டமும் ஒரே அளவு என்பதால் தற்செயலின் நடுநிலை கெடவில்லை. ஆனால் இது மட்டும் போதாது. காடு நிறைந்த பிறகும் 841-இல் 279 கட்டங்களில்தான் மரம் இருக்கும். மற்றவை காலியாகத் தெரிந்தாலும் அண்டை மரங்களின் வட்டத்துக்குள் மூழ்கிக் கிடப்பவை.

முகமது எபெய்டாவும் உடன் ஆய்வாளர்களும் 2012-இல் தந்த முறை அடுத்த அடியை எடுத்து வைத்தது. சிறிது நேரம் எறிந்த பிறகு, பட்டியலில் மிஞ்சிய ஒவ்வொரு கட்டத்தையும் நான்காக அறுக்கிறார்கள். ஒவ்வொரு துண்டின் நான்கு மூலைகளையும் பார்க்கிறார்கள். ஏதேனும் ஒரே மரத்திலிருந்து நான்கும் 5 மீட்டருக்குள் இருந்தால், அந்தத் துண்டு முழுவதும் அந்த மரத்தின் வட்டத்துக்குள் இருக்கிறது என்று பொருள். அதைத் தூக்கிப் போடுகிறார்கள். மிஞ்சிய துண்டுகளுக்குள் மட்டும் மீண்டும் அம்பு. எல்லாத் துண்டுகளையும் ஒன்றாக ஒரே அளவில் அறுப்பதால் குலுக்கலின் நடுநிலை இங்கும் காப்பாற்றப்படுகிறது. நம் கட்டம் 3.54 மீட்டரிலிருந்து 1.77, 0.88 என்று சுருங்கி ஐந்தாவது அறுப்பில் 11 சென்டிமீட்டர் ஆகிவிடும். பத்து லட்சத்தில் ஒன்று என்று சொன்ன அந்த 10 சென்டிமீட்டர் இடுக்கு இப்போது பட்டியலில் உள்ள ஒருசில துண்டுகளுக்குள் அடங்கிவிட்டது. சில அம்புகளிலேயே அது தைக்கப்படும்.

இந்தப் பட்டியல் தேய்ந்துகொண்டே வந்து ஒரு நேரத்தில் காலியாகும். எத்தனை அம்பு வீணானால் நிறுத்துவது என்று ஊகிக்க வேண்டிய தேவை அங்கே போய்விடுகிறது. ஹெக்டேர் முழுவதும், ஒவ்வொரு விரற்கடையும், ஏதாவது ஒரு மரத்தின் 5 மீட்டர் வட்டத்துக்குள் வந்துவிட்டது. இன்னொரு மரத்துக்கு இடம் எங்குமே இல்லை.